மணமகள் அறை, புதன் இரவு

ஆவணி மாதம், புதன்கிழமை
இரவு 11.50, கும்பகோணம்

பேனா பிடித்திருக்கும் விரல்கள் நுனிவரை சிவந்திருக்கின்றன. நேற்று வைத்த மருதாணி. மூன்று மணி நேரம்கூடப் பொறுக்காமல் கழுவிவிட்டேன். ஆனாலும் நன்றாகப் பற்றிக்கொண்டது. "மாப்பிள்ளைக்கு உன்மேல் கொள்ளைப் பிரியம்" என்று பெரியத்தை ஊருக்கே அறிவித்துவிட்டார். என் உடம்புச் சூடுதான் காரணம் என்று சொல்ல வாய் வந்தது. இன்றைக்கு ஒருநாள் எல்லாருக்கும் தலையாட்டிவிடுவது என்று இருந்ததால் சொல்லவில்லை.

இந்த அறையில் நடக்க இடமில்லை. பாயிலும் பாய்க்கு வெளியிலுமாகப் பதினோரு பேர் படுத்திருக்கிறார்கள். கீழே தேங்காய் துருவும் சத்தம் நிற்கவே இல்லை. முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். மூன்றரை மணிக்கு அலங்காரம் செய்கிற அக்கா வந்துவிடுவார். தூங்கு தூங்கு என்று எல்லாரும் சொல்லிவிட்டு அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

திருபுவனத்தில் எடுத்த அரக்குப் பட்டு நாற்காலியில் மடித்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்தால் வயிற்றில் ஏதோ புரள்கிறது. புடவையைக் கண்டு பயமில்லை. அதைக் கட்டிக்கொண்டு போய் உட்காரப் போகிற பெண் யாரோ போல இருக்கிறது.

சாயங்கால வரவேற்பில் மூன்று மணி நேரம் நின்றோம். மொய் எழுதியவர்கள், போட்டோவுக்கு நின்றவர்கள், என் பள்ளிக்கூட டீச்சர், மாப்பிள்ளையின் பொன்மலை பணிமனைத் தோழர்கள் ஒரு வேன் நிறைய. சிரித்துச் சிரித்துக் கன்னம் மரத்துப்போனது. ஒன்பது மணி இருக்கும். அவர் முகத்தைத் திருப்பாமல், உதட்டையும் அதிகம் அசைக்காமல், "புது ஷூ கடிக்கிறது. இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

சித்திரையில் பெண் பார்க்க வந்தபோது திண்ணையில் பத்து நிமிடம் பேசினோம். பக்கத்திலேயே தம்பி காவல். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு எல்லாம் தொலைபேசிதான். தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வார் என்பதுவரை தெரியும். ஆனால் வேறு யாருக்கும் கேட்காமல் நேரில் எனக்கென்று அவர் சொன்ன முதல் வார்த்தை இந்த ஷூ சமாச்சாரம்தான். எனக்கு என்னவோ அப்போதுதான் மூச்சு சீரானது. கைப்பையில் இருந்த பிளாஸ்திரியைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. போன வெள்ளியன்று பரிசோதனைக் கூட வேலையை விட்டுவிட்டேன். திருச்சியில் ஆஸ்பத்திரிகளுக்கா பஞ்சம், வேலை கிடைக்கும் என்று அவர்தான் முதலில் சொன்னார். பிறகு ஒருநாள் அவருடைய அம்மா, "முதல் ஒரு வருஷம் வீட்டைப் பார்க்கட்டுமே" என்றபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவை எதிர்த்துப் பேசாத நல்ல பிள்ளை என்று எங்கள் வீட்டில் மெச்சிக்கொண்டார்கள். நான் மெச்சவில்லை. நாளைக்கு இதைக் கேட்க முடியாது. மறுவீடு முடிந்து நாங்கள் இருவர் மட்டும் ஆனதும் கேட்பேன். இங்கே எழுதி வைத்துவிட்டேன், மறந்துவிட்டதாகச் சாக்குச் சொல்ல முடியாது.

பத்தரைக்கு அப்பா வந்து வாசலிலேயே நின்றார். மடியில் சாமான் அறைச் சாவிக்கொத்து, கையில் கணக்கு நோட்டு. "சாப்பிட்டாயா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். பந்தியில் பாயசம் நன்றாக இருந்ததா என்றார். இருந்தது என்றேன். கொஞ்சம் நின்று, மறுபடியும் "சாப்பிட்டாயா?" என்றார். இதற்கு மேல் அப்பாவைப் பற்றி இன்றைக்கு எழுத வேண்டாம். மை கலைந்துவிடும்.

இப்போது நிஜமான பயத்துக்கு வருகிறேன். தாலி கட்டும்போது அழுதாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பட்டப்பகலில் அருந்ததி தெரிகிறதா என்று கேட்டால் தெரிகிறது என்று சொல்லிவிடலாம். அம்மிதான் சிக்கல். அவர் என் காலைப் பிடித்துத் தூக்கி அம்மியில் வைத்து, விரலில் மெட்டி போட வேண்டும். எனக்கு உள்ளங்காலில் யாராவது தொட்டாலே கூச்சம் தாங்காது. சித்தி மகளை விட்டுக் காலைப் பிடிக்கச் சொல்லி ஒத்திகை பார்த்தேன், உதைத்துவிட்டேன். அவளுக்கு மூக்கில் அடி. அறுநூறு பேர் முன்னால், வீடியோ ஓடும்போது, மாப்பிள்ளையை உதைத்தால்?

பதினொன்றரைக்கு வேறு வழியில்லாமல் அவருக்கே செய்தி அனுப்பினேன். "நாளை அம்மி மிதிக்கும்போது எனக்குக் காலில் மிகவும் கூசும். சிரித்துவிட்டால் தவறாக நினைக்க வேண்டாம்." உதைப்பதைப் பற்றி எழுதவில்லை.

இப்போதுதான் பதில் வந்தது.

"லேசாகப் பிடித்தால்தான் கூசும். அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். பிளாஸ்திரிக்கு நன்றி. இன்னொன்று இருக்கிறதா? இடது காலும் கடித்துவிட்டது."

இருக்கிறது. தம்பி தூங்கிவிட்டான். காலையில் எப்படியாவது கொடுத்தனுப்ப வேண்டும். பிளாஸ்திரியைப் பட்டுப்புடவை மேலேயே வைத்திருக்கிறேன்.