நூலகப் பட்டியல் வேலை: ஒன்பது வார அட்டவணை

குழுவில் உள்ள ஐவருக்கும்,

கூட்டத்தில் பலகையில் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன்:

புக் எண்ணணும், கிழிஞ்சது தனியா / சாஃப்ட்வேர் போடணும் / என்னென்ன விவரம் ஏத்தணும்னு முடிவு / 2,400 புக் டைப் பண்ணணும் (3 பேர்) / சரிபார்க்கணும் / லேபிள் ஒட்டணும் / உறுப்பினர் விவரம் ஏத்தணும் / பயிற்சி / திறப்பு, ஜூலை 24

இதை வாரவாரியாகக் கட்டம் போட்டேன். முதல் வாரம் 2026 ஜூன் 1, திங்களன்று தொடங்குகிறது.

| வேலை | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8 | 9 |
|---|---|---|---|---|---|---|---|---|---|
| எண்ணுதல், கிழிந்ததைப் பிரித்தல் | ■ | ■ | | | | | | | |
| மென்பொருள் நிறுவுதல் | ■ | ■ | | | | | | | |
| விவரப் படிவம் முடிவு செய்தல் | | ■ | | | | | | | |
| தட்டச்சு | | | ■ | ■ | ■ | ■ | | | |
| சரிபார்ப்பு | | | | ■ | ■ | ■ | ■ | | |
| லேபிள் ஒட்டுதல் | | | | | ■ | ■ | ■ | ■ | |
| உறுப்பினர் விவரம் ஏற்றுதல் | | | | | | | ■ | | |
| பயிற்சி | | | | | | | | ■ | |
| திறப்பு | | | | | | | | | ◆ |

■ அந்த வாரம் வேலை நடக்கிறது. ◆ ஒரே நாளில் முடிவது.

தட்டச்சுக்கு நான்கு கட்டம் எப்படி வந்தது என்றால், ஒருவர் நாளைக்கு 40 புத்தகம், மூவர், வாரம் ஐந்து நாள்: வாரத்துக்கு 600. மூன்றாம் வாரம் ஏற்றிய 600 நான்காம் வாரம் சரிபார்க்கப்படும், ஐந்தாம் வாரம் லேபிள் ஒட்டப்படும். தப்பான எண்ணோடு ஒட்டிய லேபிளை உரித்தால் அட்டையும் கூடவே வரும். அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

உறுப்பினர் விவரத்தை முதலில் ஆறாம் வாரத்தில்தான் போட்டிருந்தேன். அந்த நெடுவரிசையை மேலிருந்து கீழே பார்த்தபோது தட்டச்சுக்கு மூவர், சரிபார்ப்புக்கு ஒருவர், லேபிளுக்கு ஒருவர் என ஐவரும் தீர்ந்துவிட்டார்கள். ஏழாம் வாரம் தட்டச்சு முடிந்து மூவரும் கை ஓய்வதால் அங்கே நகர்த்தினேன்.

அப்புறம் திறப்பு நாள். பலகையில் எழுதும்போது எட்டு வாரம் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நானும்தான். கட்டத்தில் வைத்தால் ஜூலை 24 வரை லேபிள் ஒட்டிக்கொண்டிருப்போம். புத்தகங்களை அலமாரியில் வரிசையாக அடுக்கவே இரண்டு மூன்று நாள் வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஈடுகட்ட இடமே இல்லை. ஆகவே ஜூலை 31, வெள்ளி என்று மாற்றக் கேட்கிறேன். சரிபார்ப்பை அவசரப்படுத்தி அந்த வாரத்தை மிச்சம் பிடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

விரிதாளில் A-யில் வேலை, B-யில் தொடக்க வாரம், C-யில் முடிவு வாரம், D1 முதல் L1 வரை 1 முதல் 9. D2-இல் இதைப் போட்டு வலப்பக்கமும் கீழும் இழுத்துவிட்டால் போதும். வாரத்தை மாற்றினால் கட்டங்கள் தானே நகரும்:

```
=IF(AND(D$1>=$B2,D$1<=$C2),"■","")
```

திறப்புக்கான ◆ மட்டும் கையால் போட்டது. தேதி மாற்றம் சரியா என்று புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.