டிஜிட்டல் பண்பேற்றம்: இறுதித் தேர்வு வினாத்தாளும் மதிப்பெண் திட்டமும்

மின்னணுவியல், ஐந்தாம் பருவம்
நேரம்: 2 மணி. மொத்த மதிப்பெண்: 50

ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதவும். கால்குலேட்டர் அனுமதி உண்டு. பயன்படுத்திய சூத்திரம், அதில் எண்களை இட்ட வரி, அலகோடு விடை ஆகிய மூன்றும் தாளில் தெரிய வேண்டும். தேவைப்படும் மதிப்புகள்: Q(2) = 2.28×10⁻², Q(2.83) = 2.33×10⁻³, Q(3) = 1.35×10⁻³, Q(4) = 3.17×10⁻⁵, sin(π/16) = 0.195.

கேள்வி 1 (9 மதிப்பெண்)

ஒரு டிபிஎஸ்கே பரப்பியில் d(k) = d(k−1) XNOR b(k) என்ற விதி பயன்படுகிறது. தொடக்க பிட் d(0) = 1. தரவு b: 1 0 1 1 0 0 1.

(அ) குறியேற்றிய வரிசையையும், 1-க்கு 0, 0-க்கு π என்று வைத்து ஊர்தி அலையின் கட்டங்களையும் எழுதுக. (4)
(ஆ) ஏற்பியில் d(4) மட்டும் தலைகீழாக உணரப்பட்டால் எந்தெந்தத் தரவு பிட்டுகள் தவறும்? (3)
(இ) தொடக்க பிட்டை 0 ஆக மாற்றினால் மீட்கப்படும் தரவு மாறுமா? காரணம் கூறுக. (2)

கேள்வி 2 (8 மதிப்பெண்)

வினாடிக்கு 12 மெகாபிட் தரவை ரெய்ஸ்ட் கோசைன் வடிவமைப்புடன் (ரோல்-ஆஃப் 0.25) அனுப்ப வேண்டும்.

(அ) பிபிஎஸ்கே, கியூபிஎஸ்கே, 16-க்வாம், 64-க்வாம் ஒவ்வொன்றுக்கும் தேவையான பட்டை அகலம் என்ன? (4)
(ஆ) கிடைப்பது 4 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன்? (3)
(இ) அந்தத் தேர்வில் ஒரு ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு எத்தனை பிட் செல்கிறது? (1)

கேள்வி 3 (14 மதிப்பெண்)

ஏற்பிக்கு வந்து சேரும் திறன் 8×10⁻¹⁴ வாட். பிட் வேகம் வினாடிக்கு 1 மெகாபிட். N0 = 10⁻²⁰ வாட்/ஹெர்ட்ஸ். ஏற்பி ஊர்தி அலையின் கட்டத்தைச் சரியாக அறியும்.

(அ) பிபிஎஸ்கே-யின் பிட் பிழை நிகழ்தகவு என்ன? (4)
(ஆ) அதே திறன், அதே பிட் வேகத்தில் ஆர்த்தோகனல் இரும எஃப்எஸ்கே-க்கு அது என்ன? (3)
(இ) திறனையும் சிம்பல் வேகத்தையும் மாற்றாமல் பிபிஎஸ்கே-யிலிருந்து கிரே குறியீட்டுடன் கூடிய கியூபிஎஸ்கே-க்கு மாறுகிறோம். இப்போது பிட் பிழை நிகழ்தகவு என்ன? (5)
(ஈ) (இ)-யில் மீண்டும் (அ)-வின் பிழை நிகழ்தகவைப் பெறத் திறனை எத்தனை டெசிபெல் கூட்ட வேண்டும்? (2)

கேள்வி 4 (13 மதிப்பெண்)

(அ) ±a, ±3a என்ற வீச்சுகளுடன் 16-க்வாமின் கான்ஸ்டலேஷன் வரைபடத்தை வரைந்து, 16 புள்ளிகளுக்கும் கிரே குறியீட்டில் நான்கு பிட் பெயரிடுக. (5)
(ஆ) சராசரி சிம்பல் ஆற்றலையும், மிக அருகில் உள்ள இரு புள்ளிகளின் தொலைவையும் a-வில் காண்க. (3)
(இ) அதே சராசரி ஆற்றலில் 16-பிஎஸ்கே-யின் மிகக் குறைந்த தொலைவைக் கண்டு, இரண்டையும் டெசிபெலில் ஒப்பிடுக. (3)
(ஈ) பரப்பியின் பெருக்கி செறிவு நிலையை ஒட்டி இயங்குகிறது. இந்த இரண்டில் எது ஏற்றது? (2)

கேள்வி 5 (6 மதிப்பெண்)

ஜிஎஸ்எம் செல்பேசி முறையின் பிட் வேகம் வினாடிக்கு 270.833 கிலோபிட்.

(அ) எம்எஸ்கே-யாகக் கொண்டால் இரு அதிர்வெண்களின் இடைவெளி என்ன? (2)
(ஆ) அந்த முறையில் BT = 0.3 கொண்ட காஸியன் வடிகட்டி சேர்க்கப்படுகிறது. அதனால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன? (4)

---

மதிப்பெண் திட்டம்: விடை திருத்துவோருக்கு

ஒரு படியில் எண் தவறி, அடுத்த படிகள் அந்தத் தவறான எண்ணைக் கொண்டே முறையாகச் சென்றிருந்தால், தவறிய படிக்கு மட்டும் மதிப்பெண்ணைக் கழிக்கவும். ஒரே தவறுக்கு இருமுறை தண்டனை வேண்டாம். அலகு இல்லாத இறுதி விடைக்கு ½ குறைக்கலாம். ஆனால் ஒரு கேள்விக்கு ஒருமுறை மட்டுமே.

1. (அ) d: 1 1 0 0 0 1 0 0 (3), கட்டங்கள்: 0 0 π π π 0 π π (1). XNOR-க்குப் பதில் XOR எடுத்து, வரிசை முழுவதும் அதே விதியைப் பின்பற்றியிருந்தால் வரிசைக்கு 1. (ஆ) b(4), b(5) ஆகிய இரண்டு மட்டும் (2); ஒவ்வொரு முடிவும் அடுத்தடுத்த இரு சிம்பல்களை ஒப்பிடுவதால் என்ற காரணம் (1). "அதற்குப் பிறகு எல்லாமே தவறும்" என்ற விடைக்கு 0. (இ) மாறாது (1). வரிசை முழுவதும் தலைகீழானாலும் அடுத்தடுத்த பிட்டுகளின் உறவு அப்படியே இருக்கும் (1).

2. (அ) B = Rs(1 + α). வரிசையாக 15, 7.5, 3.75, 2.5 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொன்றுக்கும் 1. (ஆ) 16-க்வாமும் 64-க்வாமும் அடங்கும் (1), 16-க்வாம் (1), அதே பிழை அளவுக்கு 64-க்வாம் கூடுதல் Eb/N0 கேட்கும் (1). "64-க்வாம் சிக்கனமானது" என்று மட்டும் எழுதினால் முதல் 1 மட்டுமே. இடம் இருக்கும்போது திறனை வீணாக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே சோதிக்கிறோம். (இ) 12/3.75 = 3.2.

3. வினாத்தாளின் மையம் இதுதான், அவசரமில்லாமல் திருத்தவும்.

(அ) Eb = 8×10⁻¹⁴/10⁶ = 8×10⁻²⁰ ஜூல் (1); Eb/N0 = 8 (1); Q(√(2Eb/N0)) = Q(4) (1); 3.17×10⁻⁵ (1).

(ஆ) Q(√(Eb/N0)) (1); Q(2.83) (1), 2.33×10⁻³ (1).

(இ) ஒரு சிம்பலில் இரண்டு பிட், ஆகவே வினாடிக்கு 2 மெகாபிட் (1); Eb = 4×10⁻²⁰ ஜூல் (2); Eb/N0 = 4, √8 = 2.83 (1), 2.33×10⁻³ (1).

பலர் "கியூபிஎஸ்கே-க்கும் பிபிஎஸ்கே-க்கும் ஒரே பிழை விகிதம்" என்று மனப்பாடமாக எழுதி 3.17×10⁻⁵ என்று முடிப்பார்கள். அந்தக் கூற்று Eb/N0 சமமாக இருந்தால்தான் பொருந்தும். இங்கே திறன் சமம், பிட் வேகம் இரட்டிப்பு. இப்படி எழுதியவர் 2 மெகாபிட்டைக் கண்டிருந்தால் 1 கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு அச்சிலும் வீச்சு 1/√2 ஆகிறது என்று வடிவியல் வழியில் வந்து சேர்ந்தவருக்கு முழு 5. Q(2)-ஐ எடுத்தவர் ஆர்த்தோகனல் சூத்திரத்தைத் தவறாக இட்டிருப்பார். கடைசி இரண்டு மதிப்பெண்ணும் போகும்.

விடை (ஆ)-வோடு ஒத்துப்போவதைக் கண்டு நகல் என்று சந்தேகிக்க வேண்டாம். இரண்டிலும் இழப்பு 3 டெசிபெல் என்பதால் எண் ஒன்றாக வருகிறது.

(ஈ) திறன் இரட்டிப்பு (1), 3 டெசிபெல் (1).

4. (அ) சம இடைவெளியில் 4×4 புள்ளிகள், அச்சுகளில் a குறிப்புகளுடன் (2). பெயரிடல் (3): ஓர் அச்சில் 00, 01, 11, 10 என்ற வரிசை வழக்கம். எங்கிருந்து தொடங்கினாலும் சரி, பக்கத்துப் புள்ளிகள் ஒரே ஒரு பிட்டில் வேறுபட்டால் முழு மதிப்பெண். 00, 01, 10, 11 என்ற சாதாரண எண் வரிசைக்கு 1.

(ஆ) ஓர் அச்சின் சராசரி (1 + 9)a²/2 = 5a² (1); மொத்தம் 10a² (1); தொலைவு 2a (1).

(இ) ஆரம் √10 a (1); 2√10 a sin(π/16) = 1.23a (1), 20 log(2/1.23) ≈ 4.2 டெசிபெல் 16-க்வாமுக்குச் சாதகம் (1). 10 log எடுத்தவர் கடைசி மதிப்பெண்ணை இழப்பார், ஏனெனில் தொலைவு வீச்சின் அளவு.

(ஈ) 16-பிஎஸ்கே (1); அதன் புள்ளிகள் ஒரே ஆரத்தில் இருப்பதால் வீச்சுச் சிதைவு குறைவு (1). 16-க்வாமின் மூலைப் புள்ளி ஆற்றல் 18a², சராசரியைவிட 2.55 டெசிபெல் அதிகம் என்று கணக்கிட்டு, பெருக்கியைப் பின்வாங்கி இயக்கினாலும் 4.2 டெசிபெல் சாதகம் மிஞ்சும் என்று வாதிடுபவருக்கும் முழு 2 கொடுங்கள். உண்மையான வடிவமைப்பில் நடக்கும் யோசனை அது.

5. (அ) Δf = 1/(2Tb) (1); 135.4 கிலோஹெர்ட்ஸ் (1). 270.8 என்று எழுதியவர் கட்டமறியா ஏற்பிக்கான இடைவெளியைக் குழப்பியிருக்கிறார், 0. (ஆ) நிறமாலையின் பக்க மடல்கள் ஒடுங்கும் (1), பக்கத்து அலைவரிசைக்குத் தொல்லை குறையும் (1). ஈடாகச் சிம்பல்கள் ஒன்றோடொன்று கலக்கும் (1), அதனால் ஏற்பியில் சமப்படுத்தி போன்ற கூடுதல் வேலையோ சற்றுக் கூடுதல் Eb/N0-வோ தேவைப்படும் (1). வீச்சு மாறாத தன்மையை வடிகட்டி கெடுத்துவிடும் என்று எழுதினால் இழப்புப் பகுதியில் 1 குறைக்கவும்: அது அதிர்வெண் பண்பேற்றத்துக்கு முன்பே அமைவதால் வீச்சு மாறாது.