சுண்ணாம்பு டிரம் முதல் வெட் ப்ளூ வரை: தம்பிக்கான கேள்வி அட்டைகள்

தம்பி, வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய தோல் பதனிடல் ஸ்லைடு ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் படித்து இந்த அட்டைகளை எழுதியிருக்கிறேன். உங்கள் சார் ஒரே வரியில் மூன்று விஷயங்களை அடைத்திருக்கிறார். பிக்கிளிங் பற்றிய அந்த ஒற்றை வரியே இங்கே நான்கு அட்டை ஆகிவிட்டது. ஒரு அட்டைக்கு ஒரு விஷயம்தான். பதிலை வாய்விட்டுச் சொன்ன பிறகு திருப்பிப் பார். அடைப்புக்குறிக்குள் இருப்பது ஆம்பூர் லேபில் தினமும் நான் பார்ப்பது, ஸ்லைடில் கிடையாது.

ஸ்லைடு 1: பச்சைத் தோல், ஊறவைத்தல்

கே: பச்சைத் தோலுக்கு உடனே உப்பு போடுவது ஏன்?
ப: தோலில் உள்ள நீரை உப்பு இழுத்துவிடும். நீர் குறைந்தால் பாக்டீரியா பெருகாது, தோல் அழுகாது.

கே: எவ்வளவு உப்பு?
ப: தோல் எடையில் சுமார் 40 முதல் 50 சதவீதம்.

கே: ஊறவைப்பதன் முதல் நோக்கம் என்ன?
ப: இழந்த நீரைத் தோலுக்குத் திருப்பிக் கொடுப்பது. உப்பு, ரத்தம், சாணம் கழுவிப் போவது கூடவே நடக்கிறது. (எக்ஸாமில் "சுத்தம் செய்வது" என்று மட்டும் எழுதினால் பாதி மார்க்தான்.)

ஸ்லைடு 2: சுண்ணாம்பு

கே: முடியைக் கரைப்பது எது, சுண்ணாம்பா சோடியம் சல்ஃபைடா?
ப: சோடியம் சல்ஃபைடு. முடியின் கெரட்டினில் உள்ள டைசல்ஃபைடு பிணைப்பை அது உடைக்கிறது. அதற்குத் தேவையான காரத்தன்மையைச் சுண்ணாம்பு கொடுக்கிறது.

கே: முடி போவதைத் தவிர சுண்ணாம்பால் தோலுக்கு என்ன பயன்?
ப: தோல் உப்பி, நார்க்கட்டுகள் பிரிந்து விரிகின்றன. பின்னால் வரும் ரசாயனம் உள்ளே போக வழி கிடைக்கிறது.

கே: சல்ஃபைடு கலந்த தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் என்ன ஆகும்?
ப: ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிவரும். உயிரைக் குடிக்கும் வாயு.

கே: அந்த வாயு இருக்கிறதா என்று மூக்கை நம்பலாமா?
ப: கூடாது. குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை வரும்; அளவு கூடினால் மோப்பமே மரத்துப் போகும். வாடை நின்றதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று ஆகாது.

கே: கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் நீ என்ன செய்ய வேண்டும்?
ப: உள்ளே இறங்கவே கூடாது. ஆட்களைக் கூப்பிட வேண்டும். சுவாசக் கருவி உள்ளவர்தான் இறங்க வேண்டும். (இது ஸ்லைடில் இல்லை, நானாகச் சேர்த்தேன். தூக்கப் போனவரும் உள்ளேயே விழுவதுதான் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த அட்டையை மறக்காதே.)

ஸ்லைடு 3: டீலைமிங், பேட்டிங்

கே: டீலைமிங்குக்கு என்ன உப்பு போடுகிறோம்?
ப: அம்மோனியம் சல்ஃபேட் அல்லது அம்மோனியம் குளோரைடு.

கே: சுண்ணாம்பு முழுதும் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?
ப: தோலின் தடித்த இடத்தில் குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தில் பினால்ஃப்தலின் ஒரு சொட்டு விட வேண்டும். நிறமே வராவிட்டால் முழுதும் போய்விட்டது.

கே: வெட்டு முகத்தின் நடுவில் மட்டும் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால்?
ப: உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது, டிரம் ஓட வேண்டும். (கழுத்துப் பக்கம் வெட்டிப் பார். வயிற்றுப் பக்கம் மெல்லியது, அங்கே எப்போதும் சரியாகத்தான் காட்டும்.)

கே: பேட்டிங்கில் வேலை செய்வது எது?
ப: நொதிகள். நார்களுக்கு இடையில் இருக்கும் வேண்டாத புரதத்தை நீக்கித் தோலை மென்மையாக்குகின்றன.

கே: பேட்டிங் போதும் என்று விரலால் எப்படித் தெரியும்?
ப: கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் பதிவு அப்படியே நிற்கும்.

ஸ்லைடு 4: பிக்கிளிங், குரோம்

கே: பிக்கிளில் அமிலத்துக்கு முன்னால் உப்பு போடுவது ஏன்?
ப: உப்பு இல்லாமல் அமிலம் பட்டால் தோல் உப்பிக் கெட்டுவிடும். உப்பு அந்த வீக்கத்தைத் தடுக்கிறது.

கே: சல்ஃப்யூரிக் அமிலத்தை எப்படி நீர்க்க வேண்டும்?
ப: தண்ணீரில்தான் அமிலத்தை மெதுவாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும்.

கே: பிக்கிள் முடிவில் pH எவ்வளவு இருக்க வேண்டும்?
ப: சுமார் 2.8 முதல் 3 வரை.

கே: குரோம் போடும் முன் pH அவ்வளவு குறைவாக இருப்பது ஏன்?
ப: அந்த pH-இல் கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகள் குரோமியத்தைப் பிடிக்காது. பிடிக்காததால்தான் அது தோலின் நடுவரை ஊடுருவுகிறது. pH கூடுதலாக இருந்தால் மேல்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும், உள்ளே பச்சையாக நின்றுவிடும். (இந்த ஒரு பதில் புரிந்தால் ஸ்லைடு 4 முழுதும் புரிந்த மாதிரி. முதலில் ஊடுருவல், அப்புறம் பிடிப்பு.)

கே: உள்ளே போன குரோமியத்தைப் பிடிக்க வைப்பது எப்படி?
ப: சோடியம் பைகார்பனேட் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு pH-ஐ 3.8 முதல் 4 வரை உயர்த்த வேண்டும். இதற்குப் பெயர் பேசிஃபிகேஷன்.

கே: பைகார்பனேட்டை ஒரே தடவையில் கொட்டினால்?
ப: குரோமியம் தோலின் மேலேயே படிந்து கறை விழும்.

கே: கொதிநீர்ச் சோதனையில் என்ன பார்க்கிறோம்?
ப: ஒரு துண்டைக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் சுருங்கக் கூடாது. சுருங்கினால் பதனிடல் முடியவில்லை. (வெட்டிய துண்டின் ஓரத்தை முதலில் தாளில் கோடு போட்டு வைத்துக்கொள். எடுத்த பிறகு அதன் மேல் வைத்தால் ஒரு நூல் அளவு சுருங்கினாலும் தெரியும்.)

கே: ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் கொதிநீரைத் தாங்குமா?
ப: தாங்காது. தாவரப் பதனிடலில் சுருங்கும் வெப்பம் சுமார் 75 முதல் 85 டிகிரி செல்சியஸ். குரோம் தோல் 100-ஐத் தாங்கும்.

கே: வெட் ப்ளூ என்று பெயர் வரக் காரணம்?
ப: ஈரமாக இருக்கும், குரோமியம்(III) கொடுக்கும் நீல நிறத்தில் இருக்கும்.

ஸ்லைடு 5: கழிவுநீர்

கே: டேனரி கழிவுநீரில் டிடிஎஸ் ஏறுவதற்கு முக்கியக் காரணம்?
ப: உப்பு. ஊறவைக்கும்போது கழன்று வருவதும் பிக்கிளில் போடுவதும்.

கே: பதனிட நாம் போடுவது எந்த குரோமியம்?
ப: குரோமியம்(III), அதாவது பேசிக் குரோமியம் சல்ஃபேட்.

கே: புற்றுநோய் உண்டாக்குவது எது?
ப: குரோமியம்(VI). (வைவாவில் இரண்டையும் குழப்பிவிட வைத்துக் கேட்பார்கள்.)

கே: பாலாற்றுப் படுகை மாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எந்த ஆண்டு?
ப: 1996. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கு. அப்போது நம் ஊர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்.

கே: அந்தத் தீர்ப்பு ஏற்ற இரண்டு கொள்கைகளில் முதலாவது?
ப: முன்னெச்சரிக்கைக் கொள்கை. கேடு வரும் என்ற அச்சம் இருந்தால், அறிவியல் உறுதிப்பாடு இல்லை என்று சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது.

கே: இரண்டாவது?
ப: மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும். பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு மட்டும் போதாது, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவும் அவரையே சேரும்.