எச்சரிக்கை விளக்குகள்: நான்கு பக்கங்களின் தமிழ்

சித்தப்பா, நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களில் கார் கையேட்டின் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. ஒரு பக்கத்தை இரண்டு தடவை எடுத்ததும் நல்லதுக்குத்தான். முதல் படத்தில் ஃபிளாஷ் அடித்து நடுவில் மூன்று வரி வெளுத்துப் போயிருந்தது.

படிக்கும் முன் ஒன்று. முக்கோணத்துக்குப் பக்கத்தில் கையேடு மூன்று வகைச் சொல் போடுகிறது. ஆபத்து என்று நான் எழுதிய இடத்தில், மீறினால் உயிர் போகலாம் அல்லது பலத்த காயம் படலாம். கவனம் என்றால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, வண்டி கெடும். குறிப்பு தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

இன்னொன்று, மூலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லும்போதும் ஒர்க்‌ஷாப்பில் காட்டச் சொல்லும்போதும் ஒரே சொல்தான் வருகிறது. தமிழில் இரண்டையும் 'உடனே' என்று எழுதினால் குழப்பம் வரும். அதனால் உடனே நிறுத்துங்கள் என்றால் பாதுகாப்பான ஓரம் கிடைத்ததும் நிறுத்தி எஞ்சினை அணைப்பது. நேராக ஒர்க்‌ஷாப்புக்கு என்றால் ஓட்டலாம், ஆனால் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல். மற்றதெல்லாம் வசதிப்படும்போது.

சாவி போட்டதும்

சாவியைத் திருப்பியதும் பெரும்பாலான விளக்குகள் சில வினாடி எரிந்து அணையும். அது பல்பு வேலை செய்கிறதா என்ற சோதனை. ஆயில், பேட்டரி விளக்குகள் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போடும்போது ஒரு விளக்கு எரியவே இல்லையென்றாலும் அது பழுதுதான், காட்டிவிடுங்கள்.

சிவப்பு விளக்குகள்

*ஆயில் பிரஷர் (சொட்டு விழும் எண்ணெய்க் குவளை)*

உடனே நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். சில நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றலாம். ஊற்றியும் விளக்கு அணையவில்லையென்றால், அல்லது அளவு சரியாக இருந்தும் எரிந்தால், எஞ்சினை மறுபடி ஓட்டக் கூடாது. டோ செய்துதான் கொண்டு போக வேண்டும்.

கவனம்: இந்த விளக்கு எரியும்போது எஞ்சின் ஓடினால் மிகக் குறுகிய நேரத்தில் சரிசெய்ய முடியாதபடி கெட்டுவிடும்.

(இது 'கவனம்' வகைதான் என்பதால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு அடிபடாது என்பதால் அந்தச் சொல். அவசரம் சிவப்புக்குரிய அவசரமேதான். இது ஆயில் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் விளக்கும் இல்லை. அழுத்தம் போய்விட்டது என்கிறது.)

*எஞ்சின் சூடு (தண்ணீரில் நிற்கும் தெர்மாமீட்டர்)*

உடனே நிறுத்துங்கள். ஏசியை அணையுங்கள். பானெட்டிலிருந்து ஆவி வந்தால், அது அடங்கும்வரை பானெட்டைத் திறக்காதீர்கள்.

ஆபத்து: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ திறக்கக் கூடாது. கொதிக்கும் கூலன்ட் பீறிட்டு அடித்து உடம்பை வேகவைத்துவிடும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு அளவு பாருங்கள். கசிவு தெரிந்தால் ஓட்டாதீர்கள்.

*பிரேக் (வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி)*

முதலில் ஹேண்ட்பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறக்கிய பிறகும் எரிந்தால் உடனே நிறுத்துங்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம் அல்லது பிரேக் அமைப்பில் பழுது இருக்கலாம்.

ஆபத்து: இந்த விளக்கு எரியும்போது ஓட்டாதீர்கள். வண்டி நிற்க வழக்கத்தைவிட அதிக தூரம் ஆகலாம். நிறுத்தும் நேரத்தில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கலாம். பலமாக மிதித்துப் பிடியுங்கள்.

ஆபத்து: இதோடு மஞ்சள் ABS விளக்கும் சேர்ந்து எரிந்தால், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கலாம். உடனே நிறுத்தி டோ வண்டியை அழையுங்கள்.

(இந்த இரண்டாவது பெட்டிமேல்தான் உங்கள் கட்டைவிரல் நிழல் விழுந்திருந்தது. இரண்டாவது படத்தில் தெளிவாக இருந்ததால் முழுக்கப் படிக்க முடிந்தது.)

*சார்ஜிங் (பேட்டரி)*

பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் போன்றவற்றை அணைத்துவிட்டு பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். பெல்ட் அறுந்திருந்தால் ஓட்டக் கூடாது: அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது, எஞ்சின் சூடேறிவிடும். பெல்ட் நன்றாக இருந்தால் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு. வழியில் எஞ்சினை அணைக்காதீர்கள், மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

*ஸ்டீயரிங் (ஸ்டீயரிங் வளையமும் ஆச்சரியக்குறியும்)*

உடனே நிறுத்துங்கள். ஸ்டீயரிங் போய்விடாது, ஆனால் மிகவும் கனக்கும். இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும்.

*ஏர்பேக் (மடியில் பந்தோடு உட்கார்ந்திருக்கும் ஆள்)*

நேராக ஒர்க்‌ஷாப்புக்கு.

ஆபத்து: மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம், காரணமே இல்லாமல் விரியவும் கூடும். வண்டி வழக்கம்போல ஓடுகிறது என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

மஞ்சள் விளக்குகள்

*எஞ்சின் (எஞ்சின் படம்)*

தொடர்ந்து எரிந்தால்: ஓட்டலாம். பெட்ரோல் டேங்க் மூடி சரியாக இறுகியிருக்கிறதா பாருங்கள். மூடியை இறுக்கினாலும் உடனே அணையாது, சில தடவை ஓட்டிய பிறகு அணையலாம். அணையவில்லையென்றால் சில நாட்களுக்குள் காட்டுங்கள்.

மின்னினால்: இது வேறு செய்தி. எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி வேகத்தைக் குறையுங்கள், ஏற்றத்தையும் பாரத்தையும் தவிருங்கள், நேராக ஒர்க்‌ஷாப்புக்கு. மின்னுவது நிற்கவில்லையென்றால் வண்டியை நிறுத்துங்கள்.

கவனம்: மின்னும்போது தொடர்ந்து ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடும்.

*ABS (அந்த மூன்று எழுத்து)*

தனியாக எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். திடீரென்று அழுத்திப் பிடித்தால் மட்டும் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். முன்வண்டியிலிருந்து தள்ளியே ஓட்டி நேராக ஒர்க்‌ஷாப்புக்கு.

*சறுக்கல் கட்டுப்பாடு (நெளிகோடு விட்டுப்போகும் கார்)*

மின்னினால் பழுது இல்லை. சாலை வழுக்குகிறது, வண்டி தன்னைத்தானே பிடித்து நிறுத்துகிறது, வேகத்தைக் குறையுங்கள். தொடர்ந்து எரிந்தால் அந்த வசதி வேலை செய்யவில்லை, வசதிப்படும்போது காட்டுங்கள். (எஞ்சின் விளக்குக்கு நேர் எதிர், கவனித்தீர்களா? அங்கே மின்னுவது மோசம், இங்கே மின்னுவது நல்லது.)

*டயர் காற்று (மேலே திறந்த வளையத்துக்குள் ஆச்சரியக்குறி)*

தொடர்ந்து எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. வேகத்தைக் குறைத்து, திடீர்த் திருப்பம், திடீர்ப் பிரேக் தவிர்த்து, முதலில் நிறுத்த வசதியான இடத்தில் நான்கு டயரையும் பாருங்கள். காற்று அளவை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் பழுது அளக்கும் கருவியில்.

(எவ்வளவு காற்று என்ற எண் பக்க மடிப்புக்குள் போய்விட்டது. நான் போட்டு நிரப்பவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும், அதிலுள்ளதே சரி.)

*பெட்ரோல் (பம்ப்)*

வசதிப்படும்போது நிரப்புங்கள். ஒட்டக் காய விடாதீர்கள்.

*கியர்பாக்ஸ் (பற்சக்கரத்துக்குள் ஆச்சரியக்குறி)*

'இந்த விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில்' என்பதோடு கடைசிப் படம் முடிகிறது. நிறுத்தி ஆறவிட்டு ஓட்டலாமா, ஓட்டவே கூடாதா என்பது அடுத்த பக்கத்தில்தான் இருக்கும், அதை ஊகித்து எழுத எனக்கு மனமில்லை. அந்தப் பக்கத்தை ஃபிளாஷ் போடாமல் ஜன்னலோரம் வைத்து எடுத்து அனுப்புங்கள். அதுவரை இது எரிந்தால் சிவப்பு மாதிரியே நடத்துங்கள்: நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடுங்கள்.