மதிப்பெண் தாள்: பயிற்சி எண் 14, இரண்டாம் வாரம்

பின்னலாடை ஏற்றுமதி, மெர்ச்சண்டைசிங் பிரிவு. ஒவ்வொரு கூறுக்கும் 5 மதிப்பெண். மொத்தம் 12-க்குக் கீழே போனால் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும்.

மின்னஞ்சல் (தொழிற்சாலை மேலாளருக்கு): 8/20

நோக்கம் 2. உங்களுக்கு வேண்டியது மறுசாயத்துக்கான ஒப்புதல். அது பதினோராவது வரியில்தான் வருகிறது. "ஆர்டர் தொடர்பாக" என்ற தலைப்பிலும் அதற்குத் தடயம் இல்லை. கோரிக்கை முதல் மூன்று வரிக்குள் வராத மடலுக்கு, மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், இந்தக் கூறில் 2-க்கு மேல் தருவதில்லை. மேலாளர் அதைக் கைபேசியில், தளத்தில் நின்றபடி படிக்கிறார்.

தொனி 2. "தாங்கள் பெரிய மனது வைத்து" மூன்று முறை வருகிறது. அதே மடலில் "டையிங் யூனிட் வழக்கம்போல் சொதப்பிவிட்டது" என்றும் எழுதி, நகலை அந்த யூனிட்டுக்கே அனுப்பியிருக்கிறீர்கள். நாளையே அவர்களிடம் அவசர லாட் கேட்கப் போவது நீங்கள்தான். என்ன தவறியது என்பதை எழுதுங்கள், யார் என்பது வேண்டாம். கெஞ்சலும் தேவையில்லை, ஒரு "ஐயா" போதும்.

கட்டமைப்பு 3. நிகழ்ந்த வரிசை தெளிவு. ஆனால் படிப்பவர் முடிவெடுக்க வேண்டிய வரிசை அதுவல்ல.

சுருக்கம் 1. ஆர்டர் வந்த கதை முழுவதும் மேலாளருக்குத் தெரியும். கீழே உள்ளது 42 சொல், விட்டுப்போனது எதுவுமில்லை:

பொருள்: நேவி துணி மறுசாயம்: இன்று மாலை 4-க்குள் ஒப்புதல் தேவை

ஐயா,
நேவி நிறத் துணியில் 220 கிலோ, பையர் ஒப்புக்கொண்ட ஷேடுக்கு ஒத்துவரவில்லை. இதை மீண்டும் சாயமேற்ற இன்று மாலை 4 மணிக்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும். இன்று லாட் ஏறினால் வெள்ளிக்கிழமை துணி கட்டிங்குக்கு வந்துவிடும். 26-ஆம் தேதி ஷிப்மெண்ட் தவறாது. நாளைக்குத் தள்ளினால் டையிங் யூனிட்டில் அடுத்த இடம் திங்கட்கிழமைதான். ஷேடு ஒப்பீட்டுப் படம் இணைப்பில்.

தள்ளினால் என்ன ஆகும் என்ற வரியைக் கவனியுங்கள். உங்கள் மடலில் அது இல்லவே இல்லை. "அவசரம்" என்று எழுதுவதைவிட அந்த ஒரு வரிக்கு வலு அதிகம்.

வார உற்பத்தி அறிக்கை: 13/20

நோக்கம் 4, தொனி 4, கட்டமைப்பு 2, சுருக்கம் 3. அட்டவணை மிக நன்று: லைன்வாரியாக இலக்கு, எட்டியது, நின்ற நேரம் மூன்றும் ஒரே பார்வையில் தெரிகின்றன. மூன்றாம் லைன் பின்தங்கக் காரணம் ஓவர்லாக் இயந்திரப் பழுது என்ற முக்கியச் செய்தி நான்காம் பக்கத்தில் கிடக்கிறது. அதுவும் பரிந்துரையும் முதல் பக்கத்துக்கு வரட்டும். நான்கு பக்கம் என்பதற்காகச் சுருக்கத்தில் குறைக்கவில்லை. அட்டவணையிலுள்ள எண்களையே அடுத்த பத்தியில் வாக்கியமாக எழுதியதற்குத்தான் 2 போயிற்று.

இரண்டாம் மதிப்பீட்டாளர் அறிக்கையின் கட்டமைப்புக்கு 3 தந்தார். வேறுபாடு ஒன்றே என்பதால் மூன்றாம் வாசிப்பு இல்லை. குறைந்த எண்ணே நிற்கும்.

மின்னஞ்சலை மட்டும் திருத்தி வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள். மேலே உள்ளதை நகலெடுக்காமல், இதே வாரம் நீங்கள் அனுப்பிய வேறொரு மடலில் செய்து காட்டுங்கள்.