அறுவை சிகிச்சையை முன்னிட்டு நேர்முகத் தேர்வு நாளை மாற்றித் தர வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்
ஜெ. ஷீபா ராணி, எம்.ஏ., பிஎச்.டி.,
களியக்காவிளை,
விளவங்கோடு வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தேர்வு வாரியம்,
சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: உதவிப் பேராசிரியர் (தமிழ்) பணியிடம் – 13.11.2025 அன்று நடைபெறவுள்ள நேர்முகத் தேர்வு – முன்கூட்டியே முடிவான அறுவை சிகிச்சை காரணமாக வேறு நாள் ஒதுக்கித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: வாரியத்தின் அழைப்புக் கடிதம், நாள் 10.10.2025, எனது பதிவு எண் 2504187.

வணக்கம். பார்வையில் காணும் கடிதத்தின்படி 13.11.2025 வியாழக்கிழமை முற்பகல் அமர்வில் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் நேர்முகத் தேர்வுக்கும் வருமாறு அழைக்கப்பட்டுள்ளேன். அதற்கு மூன்று நாள் முன்னர், 10.11.2025 திங்கட்கிழமை, எனக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. முந்தைய நாளே மருத்துவமனையில் சேர வேண்டும். எனவே நேர்முகத் தேர்வுகள் நடைபெறும் 3.11.2025 முதல் 28.11.2025 வரையிலான காலத்துக்குள்ளேயே, கூடுமானால் 3 முதல் 7 வரையிலான ஐந்து நாள்களில் ஒன்றை, எனக்கு ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கழுத்தின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி இருப்பதைக் கடந்த ஆகஸ்டு மாதம் கவனித்தேன். ஸ்கேனில் அது தைராய்டு சுரப்பியின் வலப்பாதியில், 3.2 செ.மீ. அளவில் இருப்பது தெரிந்தது. ஊசி வழியாகத் திசு எடுத்துச் செய்த பரிசோதனையின் முடிவு, இது சாதாரணக் கட்டியா புற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாத வகையைச் சேர்ந்ததாக இருந்தது. இவ்வகைக் கட்டிகளில் ஊசிப் பரிசோதனையால் அதற்கு மேல் கூற இயலாது என்றும், சுரப்பியின் அந்தப் பாதியை முழுமையாக அகற்றி ஆய்வுக்கு அனுப்பினால்தான் உறுதியாகத் தெரியும் என்றும் மருத்துவர் விளக்கினார். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நான் கூறவில்லை. அப்படி எந்த மருத்துவரும் என்னிடம் சொல்லவுமில்லை. ஆனால் விடை தெரியாத ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது அவரது அறிவுரை. இந்த நாளை விட்டால் ஜனவரி இறுதியில்தான் அடுத்த முறை கிடைக்கும் என்பதால் நானும் அதை மாற்றத் துணியவில்லை.

அறுவை சிகிச்சைக்கான நாள் எனக்கு 26.9.2025 அன்று, அதாவது வாரியத்தின் அழைப்புக் கடிதம் எழுதப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னரே, ஒதுக்கப்பட்டது என்பதை ஓ.பி. சீட்டிலுள்ள பதிவிலிருந்து தாங்கள் காணலாம். மயக்க மருந்துக்கான முன்பரிசோதனையும் 8.10.2025 அன்று முடிந்துவிட்டது. தேர்வு நாளைத் தவிர்க்க இந்த ஏற்பாடு செய்யப்படவில்லை என்பதற்கு இவ்விரு தேதிகளே சான்று.

சிகிச்சை பெறவிருக்கும் மருத்துவமனை திருவனந்தபுரத்தில் உள்ளது. களியக்காவிளையில் குடியிருப்போருக்கு எல்லை என்பது ஒரு சோதனைச் சாவடி மட்டுமே. பெரிய சிகிச்சை என்றால் இப்பகுதியில் பலரும் திருவனந்தபுரத்துக்குத்தான் செல்கிறோம். எனினும் வேறு மாநில மருத்துவமனையின் சான்று என்பதாலும், சீட்டில் சில குறிப்புகள் மலையாளத்தில் எழுதப்பட்டிருப்பதாலும் சரிபார்ப்பில் தாமதம் நேரக்கூடும் என்று எண்ணி, அனைத்து ஆவணங்களையும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, அங்குள்ள அறுவை சிகிச்சை மருத்துவரிடம் தமிழில் ஒரு சான்றும் பெற்றிருக்கிறேன்.

முந்தைய நாளையே முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. குரல் நாண்களை இயக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டியே செல்கிறது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தாலும் சிலருக்குச் சில வாரங்கள் குரல் கம்மியோ எளிதில் சோர்ந்தோ இருக்கக்கூடும் என்றும், முதல் இரண்டு வாரம் உரத்துப் பேச வேண்டாம் என்றும் மருத்துவர் கூறியுள்ளார். நேர்முகத் தேர்வின் ஒரு பகுதியாகப் பத்து நிமிடம் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும் என்று அழைப்புக் கடிதம் குறிப்பிடுகிறது. ஆசிரியப் பணிக்குத் தேர்வு பெற வருபவர், தேர்வுக்குழு முன் தமது இயல்பான குரலில் ஒரு செய்யுளைப் படித்து விளக்குவதே முறை என்று கருதுகிறேன். நவம்பர் முதல் வாரத்தில் எனக்கு அதில் எந்தத் தடையும் இல்லை.

முதல் வாரத்தில் இடமளிக்க வாய்ப்பில்லையெனில், இறுதி நாள்களான 27 அல்லது 28 நவம்பரில் ஒரு நாளை ஒதுக்கித் தரலாம். இரண்டு வாரங்களுக்குப் பின் பயணம் செய்ய மருத்துவர் அனுமதித்துள்ளார். குழித்துறையிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு முழுவதும் ரயிலில் வர வேண்டும் என்பதாலேயே அதற்கு முந்தைய நாள்களைக் கேட்கவில்லை. அவ்வாறு பின்னால் வர நேர்ந்தால் ஓர் ஒலிவாங்கியைப் பயன்படுத்த மட்டும் அனுமதி வேண்டுகிறேன். குரல் நிலையைக் காரணம் காட்டி மதிப்பெண்ணிலோ நேரத்திலோ சலுகை கேட்கமாட்டேன் என்பதையும், எந்தத் தேர்வுக்குழு முன்பாகவும் எந்த அமர்விலும் வரச் சம்மதம் என்பதையும் இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.

குறித்த நாளில் வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்ற அழைப்புக் கடிதத்தின் 7ஆம் பத்தியைப் படித்திருக்கிறேன். வராமல் இருந்துவிட்டுப் பிறகு வாய்ப்புக் கேட்பவர்களுக்கு அந்த விதி சரியானதே. நான் கேட்பது, வருவதற்கு இயலாது என்பது முன்னரே தெரிந்த நிலையில், தேர்வுக் காலத்துக்குள்ளேயே வேறொரு நாள் மட்டுமே. இதனால் தரவரிசைப் பட்டியல் வெளியாவது தாமதமாகாது. வேறு விண்ணப்பதாரர் எவரும் பாதிக்கப்படவும் மாட்டார். அதே பாடத்தில் முதல் வாரத்துக்கு அழைக்கப்பட்ட ஒருவர் 13ஆம் தேதிக்கு மாறச் சம்மதித்தால், அந்த மாற்றத்தை வாரியமே முடிவு செய்யலாம்.

இன்னொரு சிறு விவரம். எனது முதுகலைப் பட்டம் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் பெற்றது. முனைவர் பட்டம் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பெற்றது. வெளிமாநிலப் பட்டத்துக்கான இணைத்தன்மைச் சான்று என்னிடம் உள்ளது. அதைச் சரிபார்க்கக் கூடுதல் நேரம் தேவைப்படும் எனில், நேர்முகத் தேர்வு எந்த நாளில் அமைந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்புக்கு மட்டும் நவம்பர் 7க்குள் அசல் ஆவணங்களுடன் தனியாக வந்து செல்லவும் தயாராக இருக்கிறேன்.

தங்கள் முடிவை அக்டோபர் 29ஆம் தேதிக்குள், விண்ணப்பத்தில் நான் பதிவு செய்துள்ள மின்னஞ்சல் அல்லது கைப்பேசி வழியாகத் தெரிவித்தால் ரயிலில் முன்பதிவு செய்ய வசதியாக இருக்கும். நவம்பர் 9 முதல் 13 வரை நான் மருத்துவமனையில் இருப்பேன். அந்நாள்களில் என் கணவர் அதே கைப்பேசியில் பதிலளிப்பார். கோரிக்கையை ஏற்க இயலாது என்று வாரியம் முடிவு செய்தாலும் அதையும் அதே நாளுக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்; அறுவை சிகிச்சை குறித்து மருத்துவரிடம் ஒருமுறையாவது மீண்டும் பேசிப்பார்க்க எனக்கு அவகாசம் கிடைக்கும்.

அழைப்புக் கடிதத்தின் நகல், அறுவை சிகிச்சை நாள் குறித்த ஓ.பி. சீட்டின் நகல், ஸ்கேன் மற்றும் திசுப் பரிசோதனை அறிக்கைகளின் நகல்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவர் வழங்கிய சான்றின் அசல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். இதே விண்ணப்பத்தை மின்னஞ்சலிலும் அனுப்பியிருக்கிறேன்.

இடம்: களியக்காவிளை
நாள்: 16.10.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெ. ஷீபா ராணி