பள்ளி ஆண்டு மலரில் உங்கள் தூக்கணாங்குருவிப் படத்தை வெளியிட அனுமதி கேட்டு

3 பிப்ரவரி 2025

பெறுநர்:
தூக்கணாங்குருவிப் படத்தை எடுத்த புகைப்படக் கலைஞர் அவர்கள்

பொருள்: பாதி கட்டிய கூட்டில் ஆண் தூக்கணாங்குருவி தலைகீழாகத் தொங்கும் படத்தைப் பதிவிறக்கி, எங்கள் பள்ளி ஆண்டு மலரில் வெளியிட அனுமதி வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்கள் பள்ளியின் ஆண்டு மலருக்கு இந்த ஆண்டு பொறுப்பாசிரியராக இருக்கிறேன். என்னோடு எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏழு பேர் ஆசிரியர் குழுவில் இருக்கிறார்கள். இந்த மலரின் பொருள் 'வீடு'.

உங்கள் இணையப் பக்கத்தில் இருக்கும் தூக்கணாங்குருவிப் படங்களில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். கூடு இன்னும் முடியவில்லை. கவிழ்த்து வைத்த தலைக்கவசம் மாதிரி இருக்கிறது. மஞ்சள் தலை ஆண் பறவை அதன் விளிம்பில் தலைகீழாகத் தொங்குகிறது. அதன் அலகில் பச்சை நார் ஒன்று, பாதி செருகியும் பாதி காற்றில் ஆடிக்கொண்டும். கூட்டின் மேலே பெண் பறவை உட்கார்ந்து குனிந்து பார்க்கிறது. தொடரில் ஆறாவதாக இருக்கும் படம் அது.

எங்கள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தூக்கணாங்குருவியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். ஆண் பறவை கூட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பெண் பறவையை அழைக்கும், அது வந்து பார்த்துப் பிடித்துப்போனால்தான் கீழே நீண்ட நுழைவுக் குழாயைப் பின்னி முடிக்கும், பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூடு அப்படியே கைவிடப்படலாம் என்று எழுதிவிட்டு, "இதை எழுத்தில் சொன்னால் யாருக்கும் புரியாது டீச்சர்" என்றாள். உண்மைதான். அவள் ஒரு பக்கம் எழுதியும் வராததை உங்கள் படம் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. பல படங்களைப் பார்த்தோம். பெரும்பாலும் முடிந்த கூடுகள், அல்லது பறவை மட்டும். கட்டும் பறவையும் பார்க்க வந்த பறவையும் பாதிக் கூடும் ஒரே சட்டத்துக்குள் இருப்பது எங்கள் கண்ணுக்குப் பட்டவரை உங்களுடையதில் மட்டும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாதிரிப் பக்கம் தயாரிக்கும்போது குழுவில் ஒரு மாணவன் உங்கள் படத்தைத் திரையிலிருந்து பிடித்து அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டான். பதிவிறக்கப் பொத்தான் திறந்திருந்ததால் எல்லோரும் எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறான். பக்கத்தின் அடியில் எல்லா உரிமைகளும் உங்களுடையவை என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். அந்த வரி இல்லாவிட்டாலும் படம் எடுத்தவருக்குத்தான் அது சொந்தம், கேட்காமல் எடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். மாதிரிப் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டோம், அந்தக் கோப்பையும் அழித்துவிட்டோம். நடந்ததற்கு வருந்துகிறேன்.

சரி, நாங்கள் என்ன செய்ய விரும்புகிறோம் என்று முழுதாகச் சொல்கிறேன்.

மலர் ஏ4 அளவில், 96 பக்கம், 600 பிரதிகள் அச்சாகிறது. மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறோம், விற்பதில்லை. ஆனால் அச்சுச் செலவுக்காக நான்கு பக்கம் விளம்பரம் வாங்கியிருக்கிறோம். அதனால் இதை வணிக நோக்கம் இல்லாத பயன்பாடு என்று நாங்களே முடிவு செய்துகொள்ள விரும்பவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கட்டுரைப் பக்கங்களில் விளம்பரம் வராது.

படம் அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு முறை, பக்கத்தின் மேல் பாதியில், 17 சென்டிமீட்டர் அகலத்தில் வரும். குறுக்குவாக்கில் நீங்கள் எடுத்த படம் அப்படியே முழுதாக வரும். எந்தப் பக்கமும் வெட்ட மாட்டோம். முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். நெடுக்குப் பக்கத்துக்காக வெட்டினால் மேலே இருக்கும் பெண் பறவையோ ஆடும் நாரோ போய்விடும், அப்புறம் படத்தில் என்ன இருக்கிறது என்று வேண்டாம் என்றுவிட்டேன். தலைப்பை அதன் மேல் அச்சிட மாட்டோம், இடம் வலமாகத் திருப்பவும் மாட்டோம். அச்சுக்காக நிறமுறை மாற்றும்போது அந்த இளம்பச்சை கொஞ்சம் மங்கலாம். அதைத் தவிர வேறு எந்த மாற்றமும் இருக்காது. அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை உங்களுக்கு அனுப்புகிறோம். நிறம் பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், சரிசெய்யச் சொல்கிறோம்.

இணையப் பக்கத்தில் இருக்கும் படம் 1,024 பிக்சல் அகலம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டால் அது எட்டரை சென்டிமீட்டருக்குத்தான் வரும். 17 சென்டிமீட்டருக்கு இழுத்தால் அந்த நாரின் நுனி கலங்கிப்போகும். எனவே அனுமதி தருவதாக இருந்தால், 2,000 பிக்சல் அகலத்தில் ஒரு பிரதியை நீங்களே அனுப்பினாலும் சரி, பதிவிறக்க ஓர் இணைப்பு தந்தாலும் சரி. மூலக் கோப்பு எங்களுக்கு வேண்டாம். மலர் அச்சானதும் எங்களிடம் இருக்கும் பிரதியை அழித்துவிடுவோம். பள்ளியின் வேறு சுவரொட்டிக்கோ அடுத்த ஆண்டு மலருக்கோ எடுத்துக்கொள்ள மாட்டோம். தேவைப்பட்டால் மறுபடி உங்களிடம்தான் கேட்போம்.

அச்சான மலரைப் பள்ளியின் இணையதளத்திலும் பிடிஎஃப் கோப்பாக வைப்பது வழக்கம். இதை அச்சோடு சேர்த்துக் கேட்காமல் தனியாகக் கேட்கிறேன், ஏனென்றால் அங்கிருந்து யார் வேண்டுமானாலும் படத்தை எடுக்க முடியும். அச்சுக்கு மட்டும் சம்மதம், இணையத்துக்கு வேண்டாம் என்றால் பிடிஎஃப் கோப்பில் அந்த இடத்தில் மாணவி வரைந்த கோட்டோவியத்தை வைத்துவிடுகிறோம்.

உங்கள் பெயர் படத்துக்கு நேர் கீழே வரும், கடைசிப் பக்க நன்றி வரியில் மட்டும் அல்ல. பெயரை எப்படி அச்சிட வேண்டும், இணைய முகவரி சேர்க்கலாமா என்று எழுதுங்கள். படக் குறிப்பாக "பாதி முடிந்த கூட்டைப் பார்வையிடும் பெண் தூக்கணாங்குருவி, கீழே, நார் பின்னும் ஆண்" என்று எழுதியிருக்கிறோம். தவறு இருந்தால் திருத்துங்கள், நேரில் பார்த்தவர் நீங்கள். கூடு இருக்கும் இடத்தை நாங்கள் குறிப்பிட மாட்டோம். அதைத் தேடி யாரும் அங்கே போய்விடக் கூடாது.

படத்துக்குக் கட்டணம் வாங்குவது உங்கள் வழக்கம் என்றால் தொகையைத் தயங்காமல் எழுதுங்கள். எங்கள் கைக்கு அடங்குமா என்று தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு நேராகவே பதில் சொல்கிறேன். மலர் வந்ததும் இரண்டு பிரதிகள் உங்களுக்கு அனுப்புவோம், அது எப்படியும் உண்டு.

மார்ச் 14 அன்று பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன. மார்ச் 5-க்குள் பதில் கிடைத்தால் வசதியாக இருக்கும். இந்தக் கடிதத்துக்குப் பதிலாக, அச்சுக்குச் சம்மதமா, இணையத்துக்குச் சம்மதமா என்று இரண்டு வரி எழுதினாலே போதும். அதையே எழுத்து மூலமான அனுமதியாகக் கோப்பில் வைத்துக்கொள்வோம். பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டோம், கோட்டோவியம் அச்சாகும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் காரணம் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
பொறுப்பாசிரியர்,
பள்ளி ஆண்டு மலர் ஆசிரியர் குழு

பின்குறிப்பு: கட்டுரை எழுதிய மாணவி உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அந்தப் பெண் பறவை கடைசியில் கூட்டை ஏற்றுக்கொண்டதா? உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு வரி எழுதுங்கள், அவளிடம் சொல்கிறேன்.